மூணு எஸ்.எம்.எஸ், ஒரே பஸ்

தங்கச்சிமடத்தில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது, சர்க்கரை வியாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார். பாம்பன் தீவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி எல்லாம் நின்று நின்று பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி போய் வர முடியாது என்பதால் எல்லா வேலையையும் ஒரே நாளில் போட்டுத் தரச் சொல்லுவார். ஆஸ்பத்திரியும் போட்டுத் தருகிறது: ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, டாக்டர். மூன்றும் 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமை அவர் போனுக்கு மூன்று எஸ்.எம்.எஸ் வருகிறது.

"நாளை காலை 7.30 ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும்."

"நாளை காலை 10.00 கண் பரிசோதனை. துணைக்கு ஒருவர் வரவும்."

"நாளை காலை 11.30 டாக்டர். பழைய சீட்டு கொண்டு வரவும்."

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல செய்திதான். தப்பே கிடையாது. ஆனால் லேப் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து காலையிலும், கண் பிரிவு மத்தியானமும், டாக்டருடைய கவுண்டர் சாயங்காலமும் அனுப்புகின்றன. கடைசியாக வந்தது போனில் மேலே நிற்கும். ராத்திரி போனை எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது 11.30 டாக்டர். "பதினொன்றரைக்குத்தானே, எட்டு மணி பஸ் போதும்" என்று காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். போய்ச் சேர்ந்தால் வெறும் வயிற்று ரத்தம் எடுக்க முடியாது. அந்த ரிசல்ட் இல்லாமல் டாக்டர் மாத்திரையை மாற்ற மாட்டார். இன்னொரு நாள், இன்னொரு பஸ்.

மூன்று செய்தி வந்தும் ஒரு வேலை நடக்கவில்லை. ஏன்? செய்தி அனுப்பியவர்கள் அப்பாயிண்ட்மெண்டை எண்ணினார்கள். வருகிறவர் நாளை எண்ணுகிறார். அவருக்கு அது ஒரே பயணம். எத்தனை மணிக்குக் கிளம்பணும், சாப்பிடலாமா, யாரைக் கூட்டிக்கொண்டு போகணும், எதை எடுத்துக்கொண்டு போகணும். அவர் கேட்பது இந்த நாலு கேள்விதான். பதில் மூன்று துண்டாக மூன்று நேரத்தில் வந்தால், சேர்த்துப் பார்க்கும் வேலையும் அவர் தலையில் விழுகிறது.

சரி, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றால், வெட்டி ஒட்டினால் போதுமா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூன்றையும் ஒரு தாளில் நேர வரிசையில் எழுதிப் பாருங்கள். சர்க்கரைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு தடவை எடுப்பார்கள். குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து முதல் தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை. 7.30-க்கு முதல் ரத்தம் கொடுத்து எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், இரண்டாவது ரத்தம் சரியாக 10.00 மணிக்கு. அதே 10.00 மணிக்குக் கண் பரிசோதனை! தனித்தனியாக அனுப்பிய வரைக்கும் இந்த மோதல் யாருக்கும் தெரியவில்லை. லேப்காரருக்குக் கண் பிரிவின் நேரம் தெரியாது, கண் பிரிவுக்கு இரண்டாவது ரத்தம் இருப்பதே தெரியாது.

ஆகவே, சேர்ப்பதற்கு முன்னால் ஒருவர் அந்த நாளை முழுசாகப் பார்த்தாக வேண்டும். கண்ணை 10.30-க்குத் தள்ளலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாப்பா விரிய இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதன் பிறகுதான் விழித்திரையைப் பார்ப்பார்கள். அதனால் டாக்டர் 12.00. அதற்குள் ரத்த ரிசல்ட்டும் வந்துவிடும். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், பைக் ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் எதற்கு என்பது இப்போது புரிகிறதா?

இப்போது சேர்ந்த செய்தி இப்படி வரும்:

"14 செவ்வாய் 3 இடம். முதலில் காலை 7.30 ரத்தம், சாப்பிடாமல் வரவும். 10.00 மீண்டும் ரத்தம். 10.30 கண். 12.00 டாக்டர். பழைய சீட்டுடன், துணைக்கு ஒருவரும் வரவும்."

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் எந்த நாள், பிறகு எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும், அதோடு ஒட்டினாற்போல் சாப்பிடக் கூடாது என்பது. முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் போனை மூடினாலும் பயணம் கெடாது. "நாளை" என்ற வார்த்தையையும் எடுத்தாகிவிட்டது. கடலுக்குப் போனவர் போனில் சிக்னல் இருக்காது. திங்கட்கிழமை அனுப்பியது செவ்வாய் விடிகாலை கரைக்கு வந்த பிறகு விழுந்தால், "நாளை" புதன்கிழமை ஆகிவிடும்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் உடனே கேட்பார்கள்: மூன்று எஸ்.எம்.எஸ் ஒன்றானால் செலவு மூன்றில் ஒரு பங்குதானே? இல்லை! இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70. நீளமாக இருந்து துண்டு துண்டாகப் போனால் துண்டுக்கு 67, மீதி இடம் துண்டுகளை ஒட்டும் குறிப்புக்குப் போய்விடும். அந்த எழுத்தும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. "தங்கச்சிமடம்" நமக்கு எட்டு எழுத்து, எஸ்.எம்.எஸ் கணக்கில் 12. சந்தேகம் இருந்தால் எக்ஸெலில் A1 கட்டத்தில் எழுதி இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=LEN(A1)
```

இந்தக் கணக்கில் முதலில் வந்த மூன்று செய்தியும் 56, 53, 51. ஒவ்வொன்றும் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் அடங்கும், மொத்தம் மூன்றுக்குக் காசு. சேர்ந்த செய்தி 156. இரண்டு துண்டில் 134 வரைக்கும்தான் கொள்ளும். ஆக அதுவும் மூன்று துண்டு, அதே காசு! ஆஸ்பத்திரிக்குச் செய்திச் செலவில் ஒரு பைசா மிச்சமில்லை. மிச்சம் ஆகிறது தங்கச்சிமடத்துக்காரரின் பஸ் காசும், ஒரு நாள் கூலியும், லேப்பில் வீணாகப் போகும் ஒரு இடமும். இருபத்திரண்டு எழுத்தைக் குறைத்து இரண்டு துண்டாக்கலாமே என்று தோன்றும். குறைக்கலாம், ஆனால் "சாப்பிடாமல் வரவும்" மேல் கை வைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல். இந்தியாவில் கம்பெனிகள் இஷ்டத்துக்கு எழுதி எஸ்.எம்.எஸ் அனுப்ப முடியாது. டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தேதி, நேரம் மாதிரி மாறுகிற இடங்களை மட்டும் காலியாக விடலாம். பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தி வழியிலேயே நின்றுவிடும். எனவே "எத்தனை அப்பாயிண்ட்மெண்ட் இருந்தாலும் வரிசையாகச் சேர்த்துக்கொள்" என்று ஒரே வாசகத்தை வைத்துக்கொள்வது கஷ்டம். ஒன்றுக்கு ஒரு வாசகம், இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவு செய்து வைப்பது நல்லது. மாற்றம் வந்தால் அனுப்ப இன்னொன்றும் வேண்டும்.

மாற்றம் என்றதும் ஞாபகத்துக்கு வருவது, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண் டாக்டர் வரவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? "கண் பரிசோதனை ரத்து" என்று மட்டும் அனுப்பினால் பழையபடி துண்டு வேலை ஆரம்பித்துவிட்டது. படிக்கிறவர் மொத்தமும் ரத்து என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடலாம். சரியான வழி, "மாற்றம், பழைய செய்தி வேண்டாம்" என்று தொடங்கி நாள் முழுவதையும் திரும்ப எழுதி அனுப்புவது. இப்போது கண் இல்லை, துணைக்கு ஆளும் தேவையில்லை, அந்த வரி தானாகப் போய்விடும். ரத்தப் பரிசோதனை ரத்தானால் "சாப்பிடாமல்" என்பதும் போக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை வியாதிக்காரர் காரணமில்லாமல் பட்டினியாகப் பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு கோடு போட வேண்டும். போன் நம்பரை வைத்துச் சேர்த்தால் வம்பு. இந்தப் பக்கம் பல வீடுகளில் ஒரே நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். அதே செவ்வாய்க்கிழமை அவர் மனைவிக்கும் எலும்பு டாக்டர் இருந்து, எல்லாம் ஒரே செய்தியில் வந்தால் யார் சாப்பிடக் கூடாது? ஆளும் தேதியும் ஒன்றாக இருந்தால் மட்டும் சேர்க்கலாம். ஒரே போனில் இரண்டு பேர் என்றால் பெயரை முதலில் போட்டு இரண்டு செய்தி.

கடைசியாக, சேர்ப்பதில் உண்மையிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. மூன்று செய்தியில் ஒன்று தவறினால் ஒரு வேலைதான் தவறும். ஒரே செய்தி தவறினால் நாளே தவறிவிடும். எஸ்.எம்.எஸ் அனுப்பும் கம்பெனி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ரிப்போர்ட் கொடுக்கும். ராத்திரி ஏழு மணிக்கு அதைத் திறந்து, போய்ச் சேராத நம்பர்களுக்கு மட்டும் கவுண்டரிலிருந்து போன் போட வேண்டும். படகில் போகிறவர்களிடம் ஆரம்பத்திலேயே கரையில் இருக்கும் ஒருவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. "அண்ணே கடலுக்குப் போயிருக்காரு, நான் சொல்லிடுறேன்" என்று எடுக்கிறவர் சொல்லிவிட்டால் போதும். விடிகாலை கரைக்கு வந்ததும் இட்லித் தட்டுக்கு முன்னால் செய்தி அவரிடம் போய்விடும்.