வேற என்ன விசேஷம்?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வீடியோ அழைப்பு தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் "அப்புறம்?" என்ற சொல் வந்துவிடும். "நீதான் சொல்லணும்" என்று எதிர்ப்பக்கம் சொல்லும். "இங்க என்ன, எல்லாம் அப்படியேதான். வேற என்ன விசேஷம்?" அதற்குமேல் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும், யாராவது "சரி, வைக்கட்டுமா?" என்று கேட்கும்வரை.

இதைப் பாசம் குறைந்துபோனதற்கு அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மஞ்சள் பலகை மாட்டிய ஐ.எஸ்.டி. பூத்துகளில் நின்று பேசிய காலத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு ஓடியது. சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து, சில சமயம் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்ப் பேசினோம். இன்று செய்தி அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. அம்மாவின் ரத்த அழுத்த அளவு, யார் வீட்டில் வளைகாப்பு, லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பேருந்து எந்தத் தெரு வழியாகச் சுற்றுகிறது என்பது வரை எல்லாம் அன்றன்றே குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விடுகிறது. வாரக் கடைசியில் முகம் பார்க்கும்போது சொல்ல மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. செய்தி வேறு வழியாகப் போய்ச் சேர்ந்த பிறகு அழைப்பு எதற்கு என்பதுதான் கேள்வி.

நானும் அம்மாவும் மயிலாப்பூரில் இருக்கிறோம். தங்கை நியூஜெர்சியில். சனிக்கிழமை எங்களுக்கு இரவு ஏழரை என்றால் அவளுக்குக் காலை பத்து. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், மார்ச்சில் திரும்ப முன்னால் வைப்பார்கள். குளிர்காலத்திலும் அவளுடைய பத்து மணியையே வைத்துக்கொண்டால் இங்கே எட்டரை ஆகிவிடும், அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு கண் சொக்கிப்போவாள். அதனால் அந்த நாலு மாதமும் தங்கை ஒன்பதுக்கே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்வாள். இந்தக் கணக்கைப் போட்டதும் நினைவில் வைத்திருப்பதும் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை மறுநாள் விருந்தாளி வருவதாக இருந்தது. அரை கிலோ அவரைக்காயை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, கையைக் கழுவ மனமில்லாமல் போனைப் பருப்புச் சம்படத்தில் சாய்த்து வைக்கச் சொன்னாள். தங்கையும் துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடிக்க ஆரம்பித்தாள். அன்று ஐம்பது நிமிடம் ஓடியது. பாதி நேரம் யாரும் பேசவில்லை. நடுவில் அம்மா, "அந்தப் பச்சைத் துண்டு இன்னுமா இருக்கு?" என்றாள். அந்தத் துண்டை வாங்கிய தி.நகர் கடை, அன்று பெய்த மழை, உடன் வந்த சித்தி என்று பேச்சு போனது. இவற்றில் எதுவும் செய்தி இல்லை. குழுவில் யாரும் இதையெல்லாம் எழுதப்போவதுமில்லை.

அதன்பிறகு அதுவே எங்கள் வழக்கமானது. "என்ன விசேஷம்?" என்று கேட்பதை விட்டோம். போனைக் கையில் பிடிப்பதில்லை. ஒரு கை தூரத்தில், முகத்தோடு மடியும் கைகளும் தெரிகிற மாதிரி சாய்த்து வைக்கிறோம். இரண்டு பக்கமும் கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இருந்தால் மௌனம் உறுத்துவதில்லை.

கை தெரிவதில் இன்னொரு பயனும் இருந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால், காட்ட விரும்புவதை மட்டும் காட்டலாம். நம் அம்மாக்கள் அதில் கெட்டிக்காரர்கள். கால் வீக்கத்தோடு கட்டிலில் படுத்துக்கொண்டே பவுடர் போட்ட முகத்தைக் காட்டி "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பார்கள். சம்படத்தில் சாய்த்த போனுக்கு அந்த வித்தை தெரியாது. சில மாதங்கள் கழித்துத் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, அம்மா நாரைக் கண்ணால பாக்கல, விரலால தடவித் தேடுறா. மூணு வாரமா கவனிக்கிறேன்." தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரிவதில்லை, வாரம் ஒருமுறை பார்க்கிறவளுக்குத் தெரிந்தது. கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை செய்துகொண்டோம்.

ஆனால் தங்கைக்குச் சனிக்கிழமை எங்களோடு முடிவதில்லை. அடுத்த அழைப்பு அடையாறில் தனியாக இருக்கும் அவள் மாமியாருக்கு. பேசுவது அவள். மகன் இடையில் வந்து, "என்னம்மா, சாப்ட்டியா? சரி, இவகிட்ட பேசு" என்று அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். மாமனாரின் திதி, மாமியாரின் மாத்திரை தீரும் தேதி, தி.நகர் பெரியம்மாவின் பிறந்தநாள் எல்லாம் அவள் தலையில்தான்.

மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியாவில் வாழும் இத்தாலிய வழிக் குடும்பங்களைப் பற்றியது. கடிதம், தொலைபேசி, வாழ்த்து அட்டை, பண்டிகை விருந்து என்று வீடுகளுக்கு இடையே உறவைக் காப்பது ஒரு வேலை, அதைச் செய்வது பெண்கள் என்று அவர் காட்டினார். மணமுறிவு ஏற்பட்டாலோ தாய் இறந்துபோனாலோ அந்த வேலை செய்யப்படாமலே நின்றுவிடும். அந்த ஆணின் வாழ்வில் இன்னொரு பெண் வந்தால், அவனுடைய உறவுகளையும் அவளே திரும்பக் கட்டி எழுப்புவாள். கடிதம் போய் வீடியோ வந்திருக்கிறது, வேலை கைமாறவில்லை.

அம்மாவின் இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில் தங்கை தன் கணவரிடம் சொன்னாள்: "இனிமே உங்கம்மாவை நீங்க கூப்பிடுங்க. நான் பக்கத்துல உக்கார மாட்டேன்." முதல் வாரம் இரண்டு நிமிடம். "சாப்ட்டியா?", "மழையா?", "வேற என்ன?" இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் தங்கை அவர் கையில் தக்காளியைக் கொடுத்து, ரசம் வைக்க அம்மாவையே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அடையாறிலிருந்து கட்டளைகள் பறந்தன. "கையால பிசைடா. புளி அவ்வளவு வேண்டாம். நுரை கட்டினதும் இறக்கு, கொதிக்க விட்டுடாதே." முப்பத்தைந்து நிமிடம். அவர் அப்பாவுக்கு எந்த ரசம் பிடிக்கும் என்பதை அன்றுதான் அம்மா வாயால் கேட்டாராம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலு சனியில் ஒன்றை அவர் மறப்பார். மாமியாருக்கும் வருத்தம். "மருமக பேசறதையே நிறுத்திட்டா" என்று தி.நகர் வரை புகார் போனது. மகன் பேசினால் அது பாசம், மருமகள் பேசாவிட்டால் அது மரியாதைக் குறைவு. தங்கை விளக்கம் சொல்லப் போகவில்லை. மாதம் ஒருமுறை, முறை வைத்துக்கொள்ளாமல், தனக்குப் பேசத் தோன்றுகிற ஒரு நாளில் அத்தையைக் கூப்பிடுகிறாள்.

போன மாதம் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோகும் நாளை மகனே நினைவு வைத்து அடையாறு மருந்துக்கடைக்குச் சொல்லியிருக்கிறார். தங்கை இதை என்னிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாராட்டாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. "ஒரு தேதி என் தலையிலிருந்து இறங்கிச்சு அக்கா" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.