கோட் பட்டன் அறுந்துபோச்சா? இப்படித் தைங்க

என் வெள்ளைக் கோட்டில் முதலில் அறுந்து விழுவது எப்பவும் நடு பட்டன்தான். வார்டுல குனிஞ்சு நிமிரும்போது இழுப்பு முழுக்க அங்கேதான். கடையில் மெஷினில் பட்டனைத் துணியோடு ஒட்டத் தைத்துவிடுகிறார்கள். காஜா பக்கத்துத் துணி உட்கார அடியில் இடமே இருக்காது. அதான் நூல் அறுகிறது, சில சமயம் துணியே கிழிகிறது.

நீங்க தைக்கும்போது பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, நூல் அதைத் தாண்டிப் போகிற மாதிரி மூணு நாலு தடவை தையுங்க. அப்புறம் குச்சியை உருவிட்டுப் பட்டனை மேலே தூக்கினா, தளர்ந்த நூல் அடியில் வந்துடும். ஊசியைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் கொண்டுவந்து, அந்த நூலைச் சுற்றி அஞ்சாறு தடவை இறுக்கிச் சுத்துங்க. குட்டிக் கழுத்து மாதிரி நிற்கும். அதுக்குள்ளேயே ஊசியை ஒருமுறை குத்தி எடுத்து, பின்பக்கம் முடிச்சு. (சர்ஜன்கள் தங்கள் முடிச்சையே போடலாம்!)

கழுத்தின் உயரம் காஜா பக்கத் துணியின் தடிமன் அளவு போதும். பட்டன் போட்டதும் சுற்றித் துணி சுருங்கினா கழுத்து குட்டை. பட்டன் தலை தொங்கினா நீளம். துணி ஏற்கெனவே நைந்திருந்தா, உள்பக்கம் ஒரு சின்னச் சட்டை பட்டனை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைங்க. இழுப்பை அது வாங்கிக்கும்.