லிஃப்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கடிதம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட்களைப் பராமரிப்பது என் தொழில். ஆண்டு ஒப்பந்தம் முடியும் நேரத்தில் சங்கச் செயலாளருக்கு எழுதும் கடிதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கட்டணத்தைக் கூட்டிக் கேட்கும் கடிதம் அது. கேட்பதற்கான நியாயமும் அதிலேயே இருக்க வேண்டும்.

அந்த நியாயம் சர்வீஸ் நோட்டில் கிடைக்கிறது. ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் நோட்டைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் கதவு சென்சாரில் தூசி படிந்ததால் வந்தவை. கவலைப்பட வைத்தது வேறொன்று. மின்சாரம் போனால் லிஃப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட ஏ.ஆர்.டி. என்ற கருவி உண்டு. அதன் பாட்டரிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளே தாங்கும். ஆளில்லாத லிஃப்ட் ஓடும்போது எங்கள் மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். இரண்டு தளங்களுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டது. பாட்டரி ஓய்ந்துவிட்டது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

பழைய ஒப்பந்தத்தில் பாட்டரி சேராது. அதனால் புதிய ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்தேன். பல கடிதங்களில் 24 மணி நேர சேவை புதுச் சலுகையாக எழுதப்படுகிறது. ஏற்கெனவே கொடுத்து வருவதைச் சலுகை என்று எழுதக் கூடாது. அந்தக் குடியிருப்புக்கு இந்த ஆண்டு எது தேவையோ அதுதான் சலுகை.

கட்டணம் 36,000 ரூபாயிலிருந்து 39,600 ஆனது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சென்ற ஆண்டு 42,480, இந்த ஆண்டு 46,728. இரண்டையும் வரியோடு அடுத்தடுத்து எழுதுவேன். ஒன்றை வரியோடும் மற்றதை வரியில்லாமலும் காட்டினால் பொதுக்குழுவில் செயலாளர்தான் பதில் சொல்லித் திணறுவார். கூடுதல் 4,248 ரூபாய். நான்கு பாட்டரிகளை அவர்கள் தனியாக வாங்கி மாட்ட எங்கள் விலைப்படி சுமார் 5,000 ஆகும். கூலி உயர்வையும் மறைக்காமல் ஒரு வரியில் எழுதிவிடுவேன்.

சேராதவற்றையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மழைநீர் குழிக்குள் இறங்குவது, எலி வயரைக் கடிப்பது, மின்னழுத்தம் ஏறிக் கன்ட்ரோலர் போர்டு எரிவது மூன்றும் ஒப்பந்தத்தில் அடங்கா. இவற்றைச் சொல்லாமல் விட்டால் முதல் மழையிலேயே சண்டை வரும்.

கடிதம் ஒன்றரை மாதம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கமிட்டி கூடிப் பேச, வேறு இடத்தில் விலை கேட்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும். கடைசி வாரத்தில் நீட்டினால் அது நெருக்கடி கொடுப்பதாகும்.

செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதுப்பிக்கும் கடிதம் வந்தால் தொகையைப் பார்க்குமுன் சர்வீஸ் நோட்டைக் கேளுங்கள். நோட்டைக் காட்டத் தயங்குபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.