மூன்று கொட்டேஷன்களும் மூன்றாவது மாடியும்

ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். மூன்று கொட்டேஷன் வந்தால் முதலில் விலையைப் பார்க்கக்கூடாது. எந்தப் பொருளுக்கு, எந்த நிபந்தனையில் விலை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினால்தான் யார் மலிவு என்று தெரியும். ஆபீசில் இதற்குக் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட் என்று பெயர். போன வருடம் மேற்கு மாம்பலம் வீட்டைக் காலி செய்து, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் கோவை வடவள்ளிக்குக் குடி போனபோது, அந்தப் பழைய பழக்கம்தான் கைகொடுத்தது.

எங்கள் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குறுகலான தெரு. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான், இரண்டு ஏ.சி. தூரம் சுமார் 500 கிலோமீட்டர். அங்கே போய் இறங்குவது தரைத்தளம்.

மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டேன். முதல் கம்பெனி வீட்டை வந்து பார்க்கவே இல்லை. "டூ பெட்ரூம்தானே சார், 24,000, எல்லாம் சேர்த்து" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கம்பெனி ஒரு பையனை அனுப்பியது. அவன் பரண் வரைக்கும் ஏறிப் பார்த்து, சாமான்களைப் பட்டியல் எழுதிக்கொண்டு போனான். 31,500 என்று வந்தது. மூன்றாவது கம்பெனியும் நேரில் வந்து பார்த்து 40,500 என்றது. வீட்டம்மா மூன்று தாளையும் பார்த்துவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? பதினாறாயிரம் வித்தியாசம்" என்றாள். பென்ஷனில் காலம் தள்ளுகிறவர்களுக்குப் பதினாறாயிரம் சின்னத் தொகையா என்ன?

நான் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஒரு மெயில் அனுப்பினேன். ஆறே கேள்விகள்தான்.

1. லாரி முழுவதும் எங்களுக்கா, வேறு வீட்டுச் சாமானும் ஏறுமா?
2. மூன்று மாடி கையால் இறக்கும் கூலி சேர்ந்திருக்கிறதா?
3. எங்கள் தெருவில் 14 அடி லாரி நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்தினால் சுமார் 150 மீட்டர் சுமக்கவேண்டும். அது சேர்ந்ததா?
4. ஏ.சி. கழற்றுவது, கட்டில் பீரோவைப் பிரித்து அங்கே மாட்டுவது யார் பொறுப்பு?
5. டோல், கோவையில் இறக்கும் கூலி, ஜி.எஸ்.டி. இவை உள்ளேயா வெளியேயா?
6. பணத்தை எந்தெந்தக் கட்டத்தில் தரவேண்டும்?

பதில் வந்ததும் கதை மாறிவிட்டது. 24,000 என்பது பார்ட் லோடு விலை. அதாவது இன்னொரு வீட்டுச் சாமானோடு சேர்ந்து போகும். வழியில் ஏதாவது கிடங்கில் இறக்கி வேறு லாரியில் ஏற்றவும் ஏற்றலாம். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் பொருளுக்கு அடிபட ஒரு வாய்ப்பு. எந்தத் தேதியில் வந்து சேரும் என்றும் உறுதியாகச் சொல்லவில்லை. முழு லாரி வேண்டுமென்றால் 6,000 கூடுதல். மாடிக்கு ஆயிரம் வீதம் 3,000. ஏ.சி. இரண்டுக்கும் 2,000. ஆக 35,000. அதற்குமேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 6,300. மொத்தம் 41,300. "எல்லாம் சேர்த்து" என்ற வார்த்தைக்கு அவர்கள் அகராதியில் இருந்த அர்த்தம் இதுதான்.

இரண்டாவது கம்பெனியின் 31,500-இல் முழு லாரி, மாடி, 150 மீட்டர் சுமை, டோல், இறக்குகூலி எல்லாம் உள்ளே. ஏ.சி. மட்டும் வெளியே, ஒன்றுக்கு ஆயிரம். 33,500-க்கு வரி 6,030. மொத்தம் 39,530. மூன்றாவது கம்பெனிக்குக் கூட்டவே எதுவும் இல்லை. வரி உட்பட அதே 40,500.

பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம், ஒரே தாளில் எழுதியதும் 1,770 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அதுவும் மலிவாகத் தெரிந்தவர்தான் கடைசியில் எல்லோரையும்விட அதிகம். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன். முதல் எண்ணைச் சின்னதாகச் சொன்னால்தான் போன் வரும் என்பது அவர்கள் வியாபாரம். வெளியே விட்ட தொகையை என்றைக்குக் கேட்பார்கள் என்பதுதான் நம் கவலை. சாமான் பாதி லாரியில் ஏறிய பிறகுதான் கேட்பார்கள். அப்போது நாம் முடியாது என்று சொல்ல முடியாது.

இன்ஷூரன்ஸைத் தனியாகச் சொல்லவேண்டும். மூன்று பேரும் சாமான் மதிப்பில் 3 சதவீதம் கேட்டார்கள். "எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி? என் பெயரில் சர்டிபிகேட் வருமா?" என்று கேட்டேன். முதல் கம்பெனிக்காரர், "எங்க கம்பெனியே கவர் பண்ணிடும் சார்" என்றார். அது இன்ஷூரன்ஸ் இல்லை, வாய்வார்த்தைக்குக் கட்டும் பிரீமியம். இரண்டாவது கம்பெனி பாலிசியின் சர்டிபிகேட் தருவதாக எழுதிக் கொடுத்தது. 2 லட்சத்துக்கு 6,000 கட்டினேன். அதன் விதிகளையும் படித்துப் பார்த்தேன். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பணம் கிடையாது. டி.வி., ஃப்ரிட்ஜ் வெளியே அடிபடாமல் உள்ளே பழுதானாலும் கிடையாது. அதனால் "கண்ணாடிச் சாமானை நானே பத்திரமாக் கட்டிடறேனே" என்ற வீட்டம்மாவைத் தடுத்து, எல்லாவற்றையும் அவர்கள் ஆட்களையே கட்டச் சொன்னேன். நகையும் பத்திரங்களும் மட்டும் எங்கள் கைப்பையில்.

ஜி.எஸ்.டி. கேட்கிறவரிடம் அந்த எண்ணையும் கேட்டு வாங்கவேண்டும். பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போட்டால், யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு நடத்துகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. எண்ணைப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது கம்பெனிக்கே கொடுத்தேன். மெயிலில் ஒத்துக்கொண்ட கணக்கு: பத்து சதவீதம் அட்வான்ஸ், ஏற்றியதும் அறுபது, கோவையில் இறக்கி மாட்டியதும் மீதி முப்பது.

குடி போகும் நாளன்று காலை ஒன்பதுக்கு ஆறு பேர் வந்து, மாலைக்குள் கட்டி முடித்தார்கள். பகலில் நகருக்குள் லாரிக்குக் கட்டுப்பாடு என்பதால் வண்டி வர இரவு ஒன்பது ஆயிற்று. முக்கால்வாசி ஏறிய பிறகு, பத்தரை மணிக்கு, சூப்பர்வைசர் மெதுவாக வந்தார்.

"சார், வண்டி ரொம்ப தூரத்துல நிக்குது. பசங்க சுமக்க முடியாதுங்கறாங்க. நாலாயிரம் போட்டுக் குடுங்க. அப்புறம் லிஸ்ட்ல நாப்பத்திரண்டு பாக்ஸ்தான், இப்ப அம்பத்தொண்ணு ஆயிடுச்சு. பாக்ஸுக்கு இருநூறு."

நான் சத்தம் போடவில்லை. மெயிலை அச்செடுத்து வைத்திருந்தேன். "தம்பி, 150 மீட்டர்னு நானே எழுதியிருக்கேன், உங்க ஆபீஸ் ஒத்துக்கிட்டிருக்கு பாருங்க" என்று காட்டினேன். பெட்டி விஷயத்தில் பட்டியலை எடுத்தேன். அதில் இருந்த சாமான்கள்தான் ஏறியிருந்தன. எத்தனை பெட்டியில் கட்டுவது என்பது அவர்கள் கணக்கு, நம் கணக்கு இல்லை. ஆனால் பட்டியல் எழுதிய பிறகு என் தங்கை கொடுத்த தையல் மெஷினும் ஒரு மர பீரோவும் சேர்ந்திருந்தன. அதற்கு 1,500-ம் வரியும் நியாயம். கொடுத்தேன். அவர் ஆபீசுக்கு போன் போட்டுப் பேசிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்.

அடுத்து, "முழுப் பணமும் கட்டினாத்தான் வண்டி கிளம்பும்" என்றார். அதற்கும் மெயில்தான் பதில். ஒத்துக்கொண்ட அறுபது சதவீதத்தைக் கம்பெனி வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். சூப்பர்வைசரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போட்டால் அது ரசீதில் ஏறாது. லாரி கிளம்புமுன் வண்டி எண்ணும் பெட்டிகளின் எண்ணிக்கையும் எழுதிய சரக்கு ரசீதை வாங்கிக்கொண்டேன். நாளைக்கு ஏதாவது தொலைந்தால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

கோவையில் இறக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். "ஏனுங்க, மெட்ராஸ்காரங்க எங்களுக்கு எறக்குக்கூலி பேசவே இல்லைங்க. ரெண்டாயிரம் குடுத்துருங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே இருப்பவர் பேசாமல் விட்டிருக்கலாம். அவர்கள் முன்னாலேயே சென்னை ஆபீசைக் கூப்பிட்டேன். என் கையில் இன்னும் முப்பது சதவீதம் இருந்ததால், பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முழுவதும் கொடுத்திருந்தால் அந்தப் போனை எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இறக்கி முடித்ததும் ஒரு ஷோகேஸ் கண்ணாடி விரிந்திருந்தது தெரிந்தது. அவர்கள் நீட்டிய டெலிவரி தாளில், கையெழுத்துக்கு மேலேயே அதை எழுதி, போட்டோவும் எடுத்து அனுப்பினேன். வெறுமனே கையெழுத்துப் போட்டிருந்தால் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்பதற்குச் சாட்சி ஆகியிருக்கும்.

ஆகக் கடைசிக் கணக்கு: 39,530, இன்ஷூரன்ஸ் 6,000, கூடுதல் சாமானுக்கு வரியோடு 1,770. மொத்தம் 47,300. கேட்டு, கொடுக்காமல் போனது 7,800.

இது போக, மாம்பலத்தில் மூன்று மாடி ஏறி இறங்கிய ஆறு பேருக்கும் ஆளுக்கு இருநூறு கையில் கொடுத்தேன். அவர்களுக்கு நாள் கூலிதான். கொட்டேஷனில் ஒளித்துவைத்த தொகை எதுவும் அவர்கள் கைக்குப் போவதில்லை. பீரோவை முதுகில் கட்டி இறக்கிய பையனுக்குத் தோள் சிவந்து போயிருந்தது. ஆபீஸ் கேட்கும் கூடுதல் தொகைக்கு மெயிலைக் காட்டவேண்டும். சுமந்தவனுக்குக் கொடுப்பதற்கு மெயில் எதற்கு?