முதலில் சொல்லும் பரிவு

நுழையும்முன்

கடிதம் எழுதுவது எளிது. வருந்தத்தக்க செய்தியைக் கடிதமாக எழுதுவது கடினம். மறுப்பையும் இழப்பையும் தெரிவிக்க நேரும்போது, பலர் இனிய சொற்களால் தொடங்கிச் செய்தியைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்ட வரைவு ஒன்று எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அரசுப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கம், அப்பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்கி வந்தது. ஓராண்டில் நன்கொடை குறைந்தது. இருந்த தொகையைக் கல்லூரியில் புதிதாகச் சேர்வோருக்கு மட்டும் வழங்குவதெனச் செயற்குழு முடிவு செய்தது. முந்தைய ஆண்டில் 25,000 ரூபாய் பெற்ற ஒரு மாணவிக்கு, இரண்டாம் ஆண்டில் அந்த உதவி இல்லை என்று ஆயிற்று. அவளுடைய தாய் இட்லிக் கடை நடத்துபவர். கல்லூரிக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் ஜூலை 31. முடிவைத் தெரிவிக்கும் பொறுப்பு, சங்கத்தின் இளம் செயலாளருக்கு வந்தது.

அவர் ஜூலை 10 அன்று ஐந்து பத்திகளில் ஒரு வரைவு எழுதினார். முதற்பத்தி சங்கத்தின் வரலாற்றைக் கூறியது. இரண்டாம் பத்தி மாணவியின் மதிப்பெண்களையும் உழைப்பையும் பாராட்டியது. மூன்றாவது, விண்ணப்பங்கள் எவ்வாறு ஆராயப்பட்டன என விளக்கியது. நான்காவது நிதிநிலையைப் பேசியது. ஐந்தாம் பத்தியில்தான் செய்தி இருந்தது:

“மேற்கண்ட சூழ்நிலைகளைக் கருத்திற்கொண்டு, தங்கள் விண்ணப்பம் மிகுந்த பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, இவ்வாண்டுக்கான உதவித்தொகையை வழங்குவதற்குச் செயற்குழு பெரிதும் விரும்பிய போதிலும், தற்போது இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

வரைவை எடுத்துக்கொண்டு, தமக்குப் பாடம் கற்பித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் அவர் சென்றார். பிழை ஏதும் இருந்தால் திருத்தித் தருமாறு வேண்டினார். ஆசிரியர் அதை வாங்கிப் படிக்கவில்லை.

“தம்பி, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது, ஐயா. மகள்தான் படித்துக் காட்டுவாள்.”

“அப்படியானால் நீ மகளாக இருந்து படி. நான் தாயாக இருந்து கேட்கிறேன்.”

செயலாளர் உரக்கப் படித்தார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஆசிரியர் அவரை நிறுத்தி, அந்தத் தாயின் மனத்தில் அப்போது என்ன தோன்றும் என்பதைச் சொன்னார். முதற்பத்தியின் முடிவில், “சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பணம் வரப்போகிறது” என்றார். இரண்டாம் பத்தி முடிந்ததும், “என் மகளை எவ்வளவு புகழ்ந்திருக்கிறார்கள்! நிச்சயம் கிடைத்துவிட்டது” என்றார். மூன்றாம் பத்தியில், “இதெல்லாம் எனக்கெதற்கு? எவ்வளவு தருகிறார்கள் என்று பார்” என்றார். நான்காவதில் அவர் முகம் மாறியது, எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் பத்தியை ஒருமுறை படித்து முடித்ததும், “இன்னொரு தடவை படி, தருகிறார்களா இல்லையா?” என்று கேட்டார்.

செயலாளர் தாளைக் கீழே வைத்தார். இரண்டாம் பத்தியில் தாம் ஏற்றிவைத்த நம்பிக்கையைத்தான் ஐந்தாம் பத்தியில் தாமே உடைத்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. எனினும் ஓர் ஐயம் எஞ்சியது.

“எடுத்த எடுப்பிலேயே ‘இல்லை’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை மனம் உடைந்துவிடாதா, ஐயா?”

“உடையத்தான் செய்யும். கடைசியில் எழுதினாலும் உடையும். நீ தள்ளி வைத்தது அவளுடைய வருத்தத்தையா, உன்னுடைய சங்கடத்தையா?” என்றார் ஆசிரியர்.

அந்த வரைவின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் காட்டினார். செயற்குழுவின் கோப்பு, நிகழ்ந்த வரிசையில் எழுதப்படுவது: விண்ணப்பம் வந்தது, ஆராயப்பட்டது, நிதிநிலை பார்க்கப்பட்டது, இறுதியில் முடிவு எட்டப்பட்டது. முடிவு எடுப்பவருக்கு அந்த வரிசை பொருந்தும். முடிவைப் பெறுபவருக்கோ தேவை வேறு. அவர் முதலில் அறிய விரும்புவது முடிவை. அடுத்து அதன் காரணத்தை. அதன்பின் தாம் செய்யத்தக்கதை. செயலாளர் கோப்பின் வரிசையிலேயே கடிதத்தை எழுதிவிட்டார்.

வரிசையை மாற்றுவதோடு வேலை முடியவில்லை. தமிழ்த் தொடரில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வரும். எதிர்மறையும் அதனோடு சேர்ந்தே வரும். ஆகவே தொடர் நீளும்தோறும் ‘இல்லை’ என்பது தள்ளிப்போகும். மேற்காட்டிய தொடரில் ‘இயலாத’ என்னும் சொல்லுக்கு முன்னர் 16 சொற்கள் நிற்கின்றன. அவற்றுள் ‘பரிவுடன்’, ‘பெரிதும் விரும்பிய’ என்பன கேட்பவரை உடன்பாட்டை எதிர்பார்க்கச் செய்கின்றன. இத்தொடரை அப்படியே முதற்பத்திக்குக் கொண்டுவந்தாலும் செய்தி புதைந்தே கிடக்கும். “இவ்வாண்டு உனக்கு உதவித்தொகை வழங்க இயலவில்லை” என ஐந்து சொற்களில் எழுதினால், வினை இறுதியில் நின்றாலும் கேட்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பராமாயணத்தில், சீதையைத் தேடிச் சென்று திரும்பும் அனுமன் இராமனிடம் பேசத் தொடங்கும்போது, கண்டேன் என்னும் பொருள்தரும் வினையையே முதற்சொல்லாக வைக்கிறான். சீதையைக் குறிக்கும் சொல் அதன் பின்னரே வருகிறது. ‘கண்டானோ, இல்லையோ’ என்று தவிப்பவனை ஒரு சொல்லளவும் காக்கவைக்க அவன் விரும்பவில்லை. பேசுவதற்கு முன்பே சீதை இருக்கும் தென்திசை நோக்கி வணங்கி, வரப்போகும் செய்திக்கு இராமனின் மனத்தை ஆயத்தப்படுத்தியும் விடுகிறான். அது நற்செய்தி. ஆயினும் கேட்பவரின் தவிப்பை நீட்டிக்கலாகாது என்னும் அந்த நெறி, துயரச் செய்திக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மருத்துவ உலகிலும் இத்தகைய முறை உண்டு. புற்றுநோயாளரிடம் துயரச் செய்தியைத் தெரிவிப்பதற்கென வால்டர் பெய்ல், இராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செய்தியைச் சொல்லும் முன், ‘வருந்தத்தக்க செய்தி ஒன்றைக் கூற வேண்டியுள்ளது’ எனும் பொருள்படச் சுருக்கமாக முன்னறிவித்தல் அதில் இடம்பெறுகிறது. இதனைச் சுற்றிவளைத்துப் பேசுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னறிவிப்பு ஒரு தொடர். அதற்கு அடுத்த தொடரிலேயே செய்தி வந்துவிட வேண்டும்.

ஆசிரியரும் செயலாளரும் சேர்ந்து எழுதிய கடிதம் இவ்வாறு அமைந்தது:

“பொருள்: இவ்வாண்டு கல்வி உதவித்தொகை வழங்க இயலாமை – தெரிவித்தல்.

அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

வருத்தம் தரும் செய்தி ஒன்றைத் தெரிவிக்க இக்கடிதத்தை எழுதுகிறேன். இவ்வாண்டு உனக்கு உதவித்தொகை வழங்க இயலவில்லை. உன் படிப்பிலோ நடத்தையிலோ குறை கண்டு எடுத்த முடிவன்று இது.

சங்கத்திற்கு வரும் நன்கொடை சென்ற ஆண்டைவிடக் குறைந்துவிட்டது. இருக்கும் தொகையைக் கல்லூரியில் புதிதாகச் சேர்வோருக்கு மட்டும் வழங்குவதென நாங்கள் முடிவு செய்தோம். சென்ற ஆண்டைப் போலவே இவ்வாண்டும் 25,000 ரூபாய் வரும் என்று நீயும் உன் தாயாரும் நம்பியிருப்பீர்கள் என்பதை அறிவோம்.

கட்டணம் செலுத்த ஜூலை 31 வரை காலம் உள்ளது. தவணையில் செலுத்த இசைவு வேண்டி உன் கல்லூரி முதல்வருக்கு நான் எழுதிய பரிந்துரைக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதை இந்த வாரமே கொடுத்துவிடு. வங்கிக் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்க விரும்பினால், சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு வா. படிவத்தை நிரப்ப உதவுகிறேன். அடுத்த ஆண்டு உதவி கிடைக்குமா என்பதை இப்போது உறுதியாகக் கூற இயலாது.”

இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பரிவு எங்கே இடம் மாறியிருக்கிறது என்பது புலப்படும். முதல் வரைவில் பரிவு புகழ்ச்சியாக இருந்தது. மறுப்பு வருமுன் சொல்லப்படும் புகழ்ச்சி, மறுப்பைக் கேட்டபின் ஏளனம்போல் ஒலிக்கும். அதனால் இரண்டாம் கடிதத்தில் அது நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, “உன் படிப்பிலோ நடத்தையிலோ குறை கண்டு எடுத்த முடிவன்று” என்னும் தொடர் செய்திக்கு உடனே அடுத்து வந்தது. ‘இல்லை’ என்று கேட்ட மாணவியின் மனத்தில் முதலில் எழும் வினா, ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்பதே. விடை அவ்விடத்திலேயே இருக்க வேண்டும்.

முதல் வரைவில் ‘நிலை ஏற்பட்டுள்ளது’ என்று இருந்தது. நிலை தானாக ஏற்படவில்லை; சிலர் கூடி முடிவெடுத்தனர். ‘நாங்கள் முடிவு செய்தோம்’ என்று எழுதுவது எழுதுபவருக்குச் சுமை. படிப்பவருக்கு அது மதிப்பு. யாரிடம் கேட்பது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

“அடுத்த ஆண்டு கட்டாயம் வழங்குவோம்” என்று சேர்க்கச் செயலாளர் விரும்பினார். “உன்னால் உறுதி தர முடியுமா?” என்று ஆசிரியர் கேட்டதும் அந்தத் தொடர் அடிக்கப்பட்டது. பொய்யான நம்பிக்கை, மற்றோர் ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்ட மறுப்பே ஆகும்.

செய்தி முன்னே வந்ததால் கிடைத்த மற்றொரு பயன், நாள்கள். வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் குறிப்பிட்ட தொகை வரை பிணையாகச் சொத்து எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சான்றுகளைத் திரட்டி, விண்ணப்பம் ஏற்கப்படுவதற்குக் காலம் பிடிக்கும். முதல் வரைவின் பாராட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தாய் நிம்மதியாக இருந்திருந்தால், ஜூலை 31 வரை எஞ்சிய மூன்று வாரங்களில் ஒரு பகுதி வீணாகியிருக்கும்.

எல்லாத் துயரச் செய்திக்கும் கடிதம் தக்க வழியன்று. உயிரிழப்பு, கொடிய நோய் போன்றவற்றை இயன்றவரை நேரில் சென்று, அருகிருந்து சொல்வதே முறை. நேரில் செல்ல இயலாதபோதும் கடிதமே போதுமானபோதும்தான் மேற்கண்ட வழி பயன்படும்.

கடிதத்தை உறையிலிடும் முன் ஆசிரியர் கடைசியாக ஒன்று செய்தார். வீட்டிற்குப் பால் கொண்டுவந்த அம்மையாரை அழைத்து, முதல் மூன்று தொடர்களை மட்டும் படித்துக் காட்டச் சொன்னார். “என்ன விளங்கியது, அம்மா?” என்று கேட்டார்.

“பாவம், அந்தப் பிள்ளைக்கு இந்த வருசம் பணம் இல்லையாம். ஆனா அவ மேல தப்பு ஒண்ணும் இல்லையாம்” என்றார் அவர்.

செயலாளர் கடிதத்தை மடித்து உறையிலிட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு மாதத்திற்கு நூல்கள் வழங்க இயலாது என்பதை மாணவர்களுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பை எழுதுக. முதல் இரண்டு தொடர்களை மட்டும் நண்பரிடம் படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைக் குறித்துக்கொள்க.

2. “நிலை ஏற்பட்டுள்ளது”, “முடிவு செய்தோம்” – இவ்விரு தொடர்களும் படிப்பவர் மனத்தில் ஏற்படுத்தும் வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.