முப்பது வரிகள்

அத்தையின் நோட்டில் தேதி கிடையாது. பக்கத்தின் தலையில் ‘ஜூன் 81’ என்று இருக்கும். அதன் கீழே நாளுக்கு ஒரு வரி: ‘வேலை’ அல்லது ‘பேர் இல்லை’ அல்லது ‘ஞாயிறு’.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எத்தனையோ பேர் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அத்தை குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறித்தார். ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் கூலி உண்டு. கூப்பிடாவிட்டால் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அத்தை தோட்டப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். கணக்கப்பிள்ளையின் கணக்கோடு ஒத்துப் பார்க்கத்தான் இந்த நோட்டை வைத்திருந்தார்.

நோட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்து, வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஜூன் பக்கத்தில் ஒரே சொல் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. இதை எல்லாம் எதற்கு என்று, தொடர்ந்து வந்த ‘வேலை’களை ஒன்றாக்கினேன், ‘பேர் இல்லை’களையும் ஒன்றாக்கினேன். முப்பது வரிகள் பத்தாகிவிட்டன. படிக்கச் சுத்தமாக இருந்தது.

பக்கத்தின் அடியில் அத்தை ‘வேலை 17’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். என் பிரதியில் ‘வேலை’ நான்கே இடத்தில்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தேதி எழுதாத நோட்டில் வரிதான் தேதி. ஒரு வரியை எடுத்தால் ஒரு நாள் போகிறது, அந்த நாளின் கூலிக் கணக்கும் போகிறது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை பக்கத்தில் ஒரு வரி இருந்தால் என் பிரதியிலும் ஒரு வரி. ஒரே மாதிரி வரிகளுக்கு நடுவில் கண் தாவிவிடும். ஏடு பெயர்த்து எழுதியவர்களுக்கும் இதே தொல்லைதான்: ஒரே சொல்லில் முடிகிற இரண்டு வரிகளில் முதலாவதை எழுதிவிட்டு நிமிர்ந்தால், கண் இரண்டாவதில் போய் நிற்கும், நடுவில் இருந்தது காணாமல் போகும். அதனால் வரிக்கு எண் போட்டு, ஒரு அட்டையைக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். ‘ஞாயிறு’ நல்ல அளவுகோலாக உதவியது. இரண்டு ஞாயிறுக்கு நடுவில் ஆறு வரி இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் எட்டு வந்தது.

பக்கம் நீளம் என்பதால் அதை இரண்டு படமாக எடுத்திருந்தேன். முதல் படம் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு நான்கு ‘பேர் இல்லை’யோடு முடிந்தது. அடுத்த படமும் நான்கு ‘பேர் இல்லை’யோடு தொடங்கி மூன்றாம் ஞாயிறுக்குப் போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தின் கடைசி இரண்டு வரியில் படிந்திருந்த தேநீர்க் கறை, இரண்டாவது படத்தின் முதல் இரண்டு வரியிலும் அதே வளைவோடு இருந்தது. என் கைப்பேசி இருமுறை பிடித்த வரிகள் அவை. அந்த இரண்டை மட்டும் ஒருமுறை எழுதினேன். கறை இல்லாமல் இருந்திருந்தால் மசி திட்டையோ, எழுத்தின் சாய்வையோ தேடியிருப்பேன். சொல் ஒன்று என்பது மட்டும் போதாது. தாளில் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது கணக்கு நேரானது. வேலை பதினேழு, ஞாயிறு நான்கு, பேர் இல்லை ஒன்பது. அந்த ஒன்பதும் தொடர்ச்சியாக வந்தவை, நடுவில் ஒரு ஞாயிறு மட்டும்.

அத்தையிடம் போனில் கேட்டேன்.

“அதா? தராசுல கொழுந்து எடை கொறையுதுன்னு கேட்டுட்டேன்டி. அதுக்கப்புறம் மேஸ்திரி என் பேர கூப்புடல. நான் தெனமும் போயி நின்னேன்.”

“வீட்டுலயே இருந்திருக்கலாமே, அத்தே?”

“வரலேன்னு எழுதிருவானே!”

என் முதல் பிரதியைப் பார்த்தால், நடுவில் ஞாயிறு வந்ததால் இரண்டு தரம் ‘பேர் இல்லை’. ஏதோ இரண்டு நாள் வேலை கிடைக்கவில்லை என்றுதான் யாரும் படிப்பார்கள். அவர் ஒன்பது காலை போய் நின்றதை நான்தான் அடித்திருந்தேன்.

ஜூலைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு வரி ‘நின்னு’ என்று முடிகிறது, அடுத்தது ‘நின்னு கால் வீங்கிப் போச்சு’ என்று தொடங்குகிறது. வரி திரும்பும்போது கை தவறி ஒரு சொல்லை இருமுறை எழுதுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் நம் பேச்சில் நின்று நின்று என்பதும், நின்று என்பதும் வேறு வேறு. ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. இரண்டையும் இருந்தபடியே, அதே வரி முறிவோடு எழுதினேன். ‘மூலத்தில் இருமுறை உள்ளது’ என்று அடிக்குறிப்பில் மட்டும் சேர்த்தேன்.

போன வாரம் அச்சுப் பிரதியை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜூன் பக்கத்தில் விரல் வைத்து, வரி வரியாக இறங்கினார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பதினேழில் நிறுத்திவிட்டு, “இதுல பதினஞ்சுக்குத்தான் காசு குடுத்தாங்க” என்றார்.