படிக்கிற ஆள்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே பாடப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மதிப்பெண்ணுக்காகப் படித்த படிப்புக்கு அதற்கு மேல் வேலை இல்லை. ஜேம்ஸ் கிளியர் 2018-ல் எழுதிய ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ புத்தகம் இதற்கு எதிர்த் திசையில் போகிறது. எதை அடைய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எப்படிப்பட்ட ஆளாக ஆக வேண்டும் என்று முடிவு செய்து, அந்த ஆள் செய்கிற சின்னக் காரியத்தைத் தினமும் செய் என்கிறது. இது எங்கே பலிக்கிறது, எங்கே இடிக்கிறது என்பதை என் பழைய மாணவர் ஒருவரிடம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பத்தாவதோடு நின்றவர். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டில் சொன்ன சொல்லை இருபது வருடமாகச் சுமந்தவர். ஒரு புத்தாண்டில், வருடத்துக்கு 24 புத்தகம் என்று இலக்கு வைத்தார். மார்ச் வரை இரண்டுகூட முடியவில்லை. கணக்குக்காக ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பித்தார். பிடிக்காததையும் எண்ணிக்கைக்காக இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்.

"24-ஐ மறந்துடுப்பா. படிக்கிற ஆள் ராத்திரி கடையைச் சாத்தினதும் என்ன செய்வான்? அதை மட்டும் செய்" என்றேன். ஷட்டரை இறக்கியதும், வண்டியை எடுப்பதற்கு முன், கல்லாப் பக்கத்தில் வைத்த புத்தகத்தில் இரண்டு பக்கம். அவ்வளவுதான். வருடம் முழுக்கப் படித்தாலும் 730 பக்கம், அதாவது மூன்று நான்கு புத்தகம்தான் ஆகும். ஆனால் ஒவ்வொரு இரவும் அந்த இரண்டு பக்கம், "படிப்பு ஏறாது" என்ற பழைய சொல்லுக்கு எதிராக ஒரு சாட்சி. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடும் தைரியமும் அவருக்கு வந்தது. படிக்கிறவர்கள் அப்படித்தானே செய்வார்கள்!

ஆடி மாதத்தில் அவர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. "நான் படிக்கிற ஆளே இல்ல சார், வேஷம் போட்டிருக்கேன்" என்றார். இந்த முறையின் பலவீனம் இங்கேதான். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2014-ல் வெளிவந்த முடிவின்படி, "உதவி செய்யுங்கள்" என்பதைவிட "உதவியாளராக இருங்கள்" என்று சொன்னபோது அவர்கள் அதிகம் உதவினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள், உதவப் போய்ச் சொதப்பிய பிள்ளைகளைக் கவனித்தார்கள். பட்டம் கேட்ட பிள்ளைகளே அதிகம் சோர்ந்து பின்வாங்கினார்கள். காரியம் தவறினால் அடுத்த முறை சரிசெய்யலாம். பட்டமே பொய்யாகிவிட்டது என்று நினைத்துவிட்டால் செய்யவே மனம் வராது.

அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "படிக்கிறவங்க வீட்லயும் அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போகும்ப்பா. அப்போ ஆஸ்பத்திரியிலதான் இருப்பாங்க" என்பது ஒன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 84 நாள் கவனித்த ஆய்வு இன்னொன்று. ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்படும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. பதினோரு நாள் அதைவிட நீளம்தான். அதனால் அன்றிரவு இரண்டு பக்கம்கூட வேண்டாம், ஒரு பக்கம் போதும் என்றேன். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குக் காரியம் சின்னதாக இருக்க வேண்டும்.

பழக்கம் ஒட்டிக்கொண்டது என்பதைப் பக்கக் கணக்கில் தெரிந்துகொள்ள முடியாது. கார்த்திகையில் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, யாரும் சொல்லாமலே பையில் ஒரு புத்தகம் வைத்திருந்தார். "பஸ்ல சும்மா உட்கார முடியல சார்" என்றார். போன மாதம் என் வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே அலமாரியைத்தான் பார்த்தார்.

நடைப்பயிற்சி, வரவு செலவு எழுதுவது என்று நீங்களும் எதையாவது ஆரம்பித்திருப்பீர்கள். இத்தனை கிலோ, இத்தனை ரூபாய் என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். காய்ச்சல் வந்த நாளிலும் அந்த ஆள் எதைச் செய்வார் என்று யோசித்து, அந்த அளவில் தொடங்குங்கள். விட்டுப்போனால் பட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அன்றைய காரியத்தை மட்டும் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்